அன்பியத்தில் திருவருகைக் காலச் சிந்தனை: முதன்முறை பொறுப்பேற்பவர்களுக்கு

நவம்பர் மாத அன்பியக் கூட்டம் முடிகிற நேரத்தில் யாராவது சொல்வார்கள்: "இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னாடி தினமும் ஒரு வீட்டில் வாசகமும் சிந்தனையும் வைக்கலாமே, நீங்களே பார்த்துக்கோங்க." தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்வி வரும். எங்கள் பங்கில் இதை நான் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். கத்தோலிக்கப் பங்குகளின் முறைப்படி, தினமும் ஒரு வாசகம், ஐந்து நிமிடச் சிந்தனை, ஒரு மன்றாட்டு என்ற அளவில் இதை எப்படி நடத்துவது என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். திருப்பலியில் தரப்படுவது மறையுரை. அது குருவுக்கும் திருத்தொண்டருக்கும் உரியது. அன்பியத்தில் நாம் செய்வது பகிர்வு. இதை ஃபாதரிடம் சொல்லி, அட்டவணையையும் காட்டிவிட்டுத் தொடங்குவது நல்லது. நம்மிடமிருந்து யாரும் விளக்கவுரையை எதிர்பார்ப்பதில்லை என்பதே முதல்முறை பேசுகிறவருக்குப் பெரிய ஆறுதல்.

நாட்களை எண்ணுங்கள்

திருவருகைக் காலம் எல்லா ஆண்டும் ஒரே நீளம் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அதற்குள் வர வேண்டும் என்பதுதான் கணக்கு. அதனால் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் எங்காவது விழும். காலம் 22 நாளாகச் சுருங்கும், அல்லது 28 நாள் வரை நீளும்.

இது எனக்குப் பட்டுத் தெரிந்தது. 2022-இல் நவம்பர் 27-ஆம் தேதி தொடங்கியதால் முழுதாக 28 நாள் கிடைத்தது. அந்த அட்டவணையையே 2023-க்கும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போய் தேதி கொடுத்தேன். 2023-இல் கிறிஸ்துமஸ் திங்கட்கிழமை. காலம் டிசம்பர் 3-ஆம் தேதிதான் தொடங்கியது, நான்காம் ஞாயிறே 24-ஆம் தேதி. ஆறு நாள் காணாமல் போனது. தேதி கொடுத்த ஆறு வீடுகளுக்குத் திரும்பப் போய் விளக்க வேண்டியிருந்தது. ஒரு பாட்டி அதற்குள் வீட்டுக்கு வெள்ளையடித்து வைத்திருந்தார்.

2026-ஐ வைத்துப் பார்ப்போம். முதல் ஞாயிறு நவம்பர் 29, மொத்தம் 26 நாள். நான்கு ஞாயிறுகளிலும் எல்லாரும் கோவிலுக்கு வருவதால் அன்று வீட்டுக் கூட்டம் வேண்டாம். டிசம்பர் 3 புனித சவேரியார் விழா, டிசம்பர் 8 அமல உற்பவ அன்னை பெருவிழா, இரண்டு நாளும் கோவிலில் திருப்பலி இருக்கும். டிசம்பர் 24-க்கு வேறு ஏற்பாடு, அதைக் கடைசியில் சொல்கிறேன். ஆக 19 வீடுகள். எத்தனை வீட்டுக்குச் சொல்லலாம் என்று தெரிந்த பிறகே வாக்குக் கொடுங்கள்.

அட்டவணை போடும்போது மழையையும் கணக்கில் எடுங்கள். நவம்பர் கடைசியும் டிசம்பர் தொடக்கமும் வடகிழக்குப் பருவமழைக் காலம். தெருவில் தண்ணீர் நிற்கிற வீடுகளுக்கு 15-ஆம் தேதிக்குப் பிறகு தேதி கொடுத்தால் ஓரளவு தப்பிக்கலாம். கரண்ட் போனால் வாசிக்க ஒரு டார்ச் எப்போதும் பையில் இருக்கட்டும், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் திருவிவிலியத்தின் பொடி எழுத்து பெரியவர்களுக்குத் தெரியாது.

வாசகங்கள் இரண்டு பாதியாக வருகின்றன

நீங்களாகப் பகுதிகளைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. திருப்பலியில் அந்தந்த நாளுக்குத் திருச்சபை குறித்திருக்கும் வாசகங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் கோவிலில் கேட்டவர் மாலையில் மறுபடி கேட்பார், போக முடியாதவர் வீட்டில் கேட்பார். பங்கு நாட்காட்டியிலோ திருவழிபாட்டு நாட்காட்டியிலோ ஒவ்வொரு தேதிக்கும் எண்கள் இருக்கும்.

ஞாயிறு வாசகங்கள் முதல் ஆண்டு, இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு என்று மாறி மாறி வரும். ஆனால் திருவருகைக் காலத்தின் வாரநாள் வாசகங்கள் ஒவ்வொரு ஆண்டும் ஒன்றேதான். ஒருமுறை நன்றாகத் தயாரித்து நோட்டில் எழுதி வைத்தால் அடுத்த ஆண்டும் கைகொடுக்கும். ஒரு சின்ன விலக்கு உண்டு: முதல் வாரத் திங்கட்கிழமையன்று எசாயா 2-ஆம் அதிகாரம் வரும், முதல் ஆண்டில் மட்டும் அந்தப் பகுதி முந்தின நாளான ஞாயிறன்றே வாசிக்கப்பட்டுவிடுவதால் அதற்குப் பதில் எசாயா 4-ஆம் அதிகாரம்.

டிசம்பர் 16 வரை ஒரு பாதி. இதில் முதல் வாசகம் பெரும்பாலும் எசாயாவிலிருந்து வரும். நற்செய்தியில் நூற்றுவர் தலைவரின் பையன் குணமாவது, கூட்டத்துக்கு அப்பம் பகிர்வது, பார்வையற்ற இருவர் பார்வை பெறுவது என்று எசாயா சொன்னது நடந்தேறுகிற காட்சிகள். இரண்டாம் வாரம் வியாழனிலிருந்து திருமுழுக்கு யோவான் வந்துவிடுவார்.

டிசம்பர் 17 முதல் கணக்கே மாறும். இங்கே வாரத்தின் கிழமை பொருட்டில்லை, தேதிதான் முக்கியம். 17-ஆம் தேதி இயேசுவின் மூதாதையர் பட்டியல், 18 யோசேப்பின் கனவு, 19 செக்கரியாவுக்கு வானதூதர் தோன்றுவது, 20 மரியாவுக்கு மங்களச் செய்தி, 21 மரியா எலிசபெத்தைச் சந்திப்பது, 22 மரியாவின் பாடல், 23 யோவான் பிறப்பு, 24 காலை செக்கரியாவின் பாடல். ஒரு கதை நாள்தோறும் நடந்துபோவதுபோல இருக்கும். முதல் பாதியில் வந்தவர்கள் வராதவர்கள் என்று கூட்டம் ஏறியிறங்கும். இந்த எட்டு நாளிலோ, "நாளைக்கு என்ன ஆகும்" என்று பிள்ளைகள்கூட உட்காருவார்கள். உங்களுக்குப் பலம் குறைவாக இருந்தால், முழுக் காலத்தையும் எடுத்துக்கொள்ளாமல் இந்த எட்டு நாளை மட்டும் நடத்துங்கள். முதல்முறை செய்கிறவருக்கு என் யோசனை இதுதான்.

இதிலும் ஒரு ஞாயிறு குறுக்கிடும். 2026-இல் நான்காம் ஞாயிறு டிசம்பர் 20. அன்று 20-ஆம் தேதியின் வாரநாள் வாசகம் போய்விடும். அந்த ஆண்டு ஞாயிறு நற்செய்தியும் மங்களச் செய்தியே என்பதால் கதை அறுபடாது. ஆனால் 2027-இல் ஞாயிறு 19-ஆம் தேதியில் விழுகிறது. செக்கரியாவின் பகுதி விடுபட்டுவிட்டால் 23-ஆம் தேதி அவர் ஏன் பலகை கேட்டு எழுதுகிறார் என்று யாருக்கும் புரியாது. அப்படிப்பட்ட ஆண்டில் 18-ஆம் தேதி கூட்ட முடிவில் இரண்டு வரியில் அந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள்.

ஒரு மாலை எப்படிப் போக வேண்டும்

ஏழரை மணிக்குத் தொடங்கினால் எட்டு மணிக்கு முடிந்துவிட வேண்டும். வேலையிலிருந்து வருகிறவர்களும், அரையாண்டுத் தேர்வு எழுதுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு சிறிய பாடல், சிலுவை அடையாளம், முதல் வாசகம், நற்செய்தி, ஒரு நிமிட அமைதி, ஐந்து நிமிடச் சிந்தனை, இரண்டு மூன்று மன்றாட்டு, விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே. அவ்வளவுதான். நற்செய்திக்குப் பிறகு வருகிற அந்த ஒரு நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் யாராவது இருமுவார்கள், யாராவது பாட்டைத் தொடங்கிவிடுவார்கள். பேசுகிறவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தால் நான்காம் நாளில் எல்லாருக்கும் பழகிவிடும்.

சாப்பாட்டு விஷயத்தை முதல் நாளே தீர்த்துவிடுங்கள். முதல் வீட்டில் தேநீர் தருவார்கள், இரண்டாம் வீட்டில் வடை வரும், பத்தாம் வீட்டில் கேசரியும் மிக்சரும் இல்லாமல் வெளியே விடமாட்டார்கள். அப்புறம் அடுத்து வருகிற வீட்டுக்காரர், கையில் பணம் இல்லாததால் "எங்க வீட்டுல முடியாது" என்று தேதியைத் திருப்பித் தருவார். எங்கள் அன்பியத்தில் கட்டன் சாயா மட்டும் என்று முடிவு செய்து அட்டவணையின் தலைப்பிலேயே அச்சடித்துவிட்டோம். அதற்குப் பிறகு ஒரு வீடும் விலகவில்லை.

வாசிக்கிறவருக்கு முதல் நாள் மாலையே பகுதியைக் கொடுத்து வீட்டில் இரண்டு முறை உரக்க வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். 17-ஆம் தேதிக்கு இது கட்டாயம். பெரேட்சு, எட்சரோன், அம்மினதாபு, நகசோன் என்று பெயர்கள் வரிசை கட்டும். தடுமாறினால் பிள்ளைகள் சிரிக்க, வாசிக்கிறவர் வேகமெடுக்க, அந்தப் பகுதியே வீணாகிவிடும். ஒவ்வொரு பெயரையும் நிறுத்தி, நம் குலத்துப் பெரியவர்களின் பெயரைச் சொல்வதுபோல வாசித்தால் போதும். அப்படி வாசிக்கும்போது தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி என்று நான்கு பெண்கள் இடையில் வருவது காதில் தானாக விழும். அன்றைய சிந்தனையை அங்கிருந்தே தொடங்கலாம்.

ஐந்து நிமிடத்தைத் தயாரிப்பது: டிசம்பர் 19

இப்போது ஒரு நாளை எடுத்து முழுதாகச் செய்து பார்ப்போம். டிசம்பர் 19-ஆம் தேதியை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்தத் தொடரில் பேசுகிறவர் தவறுவதற்கு அதிகம் வாய்ப்புள்ள நாள் அது.

முதல் வாசகம் நீதித் தலைவர்கள் 13. மனோவாகின் மனைவிக்குக் குழந்தையில்லை. ஆண்டவரின் தூதர் தோன்றி மகன் பிறப்பான் என்கிறார், சிம்சோன் பிறக்கிறார். நற்செய்தி லூக்கா 1:5 முதல் 25 வரை. செக்கரியாவும் எலிசபெத்தும் வயதானவர்கள், குழந்தையில்லை. சீட்டு விழுந்து, தூபம் காட்டக் கோவிலுக்குள் போன செக்கரியாவிடம் கபிரியேல் யோவானின் பிறப்பைச் சொல்கிறார். செக்கரியா நம்பவில்லை, பேச்சிழக்கிறார்.

முதல் படி, பேனாவை வைத்துக்கொண்டு இரண்டு வாசகத்திலும் ஒன்றுபோல வருவதை அடிக்கோடிடுங்கள். குழந்தையில்லாத தம்பதி, வானதூதர், பிள்ளை திராட்சை மது தொடர்பான விலக்கோடு கடவுளுக்கென்று வளர்வது. இந்த இணைப்புகளுக்காகத்தான் இரண்டு பகுதியையும் ஒரே நாளில் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் படி, உங்களை நிறுத்திய ஒரே ஒரு வரியைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றுதான். முதல் ஆண்டு நான் மூன்று வரியை எடுத்து, தூபம், சீட்டுப் போடுவது, அபியா வகுப்பு, எலியாவின் உளப்பாங்கு எல்லாவற்றையும் விளக்கினேன். இருபது நிமிடம் தாண்டியது. விளக்கம் தவறில்லை, ஆனால் வீட்டுக்குப் போகும்போது யாரும் எதையும் கொண்டுபோகவில்லை.

மூன்றாம் படி, நீங்கள் சொல்லப்போவதை அங்கே உட்கார்ந்திருக்கும் யார் எப்படிக் கேட்பார் என்று யோசியுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். அதே ஆண்டில், "மனம் தளராமல் ஜெபித்தால் எலிசபெத்துக்குக் கிடைத்ததுபோல நமக்கும் கிடைக்கும்" என்று முடித்தேன். கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆன ஒரு தம்பதி அந்த வீட்டின் வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். சாயா வருவதற்குள் எழுந்து போய்விட்டார்கள். கிறிஸ்துமஸ் வரைக்கும் திரும்ப வரவில்லை. ஒன்பது வருடமாக அவர்கள் ஜெபிக்காமலா இருந்தார்கள்? என் வாயிலிருந்து வந்தது, அவர்கள் ஜெபம் போதவில்லை என்பதுதான்.

அதன் பிறகு அந்தப் பகுதியை மெதுவாக வாசித்தேன். லூக்கா எந்த வரிசையில் சொல்கிறார் என்று பாருங்கள். 6-ஆம் வசனத்தில், இருவரும் கடவுள் பார்வையில் நேர்மையானவர்கள், குற்றமற்றவர்கள் என்கிறார். 7-ஆம் வசனத்தில்தான் பிள்ளையில்லை என்கிறார். பிள்ளையில்லாதது அவர்கள் செய்த பாவத்தாலோ ஜெபக் குறைவாலோ அல்ல என்று கதை தொடங்கும் முன்பே கதவைச் சாத்திவிடுகிறார். 25-ஆம் வசனத்தில் எலிசபெத்து, மக்களுக்குள் தனக்கிருந்த இகழ்ச்சியைப் பற்றிப் பேசுகிறார். இகழ்ச்சி மக்களிடமிருந்து வந்தது. அதாவது ஊரிலிருந்து, நம்மிடமிருந்து.

நான்காம் படி, அந்த ஒரு வரியை நம் தெருவுக்குக் கொண்டுவாருங்கள். அடுத்த ஆண்டு நான் பேசியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

"எலிசபெத்து அம்மா இத்தனை வருஷமாக எத்தனை கல்யாண வீட்டுக்குப் போயிருப்பார். போன இடமெல்லாம் ஒரே கேள்வி கேட்டிருப்பார்கள். நாமும் அதைத்தானே கேட்கிறோம், 'ஏதாவது விசேஷம் உண்டா?' என்று. அன்பாகத்தான் கேட்கிறோம். ஆனால் கடவுள் குற்றமற்றவர்கள் என்று சொன்ன இரண்டு பேரை ஊர் அந்தக் கேள்வியாலேயே தலைகுனிய வைத்தது. செக்கரியாவுக்கு வாய் கட்டப்பட்ட அந்த மாதங்களில் அந்த வீட்டில் எவ்வளவு அமைதி இருந்திருக்கும். கிறிஸ்துமஸுக்கு இன்னும் சில நாள்தான். அதுவரை நாமும் ஒரு கேள்வியை நாக்கிலேயே நிறுத்திக்கொள்வோமா?"

எனக்கு ஐந்து நிமிடம் என்பது கையெழுத்தில் ஏறக்குறைய ஒன்றரைப் பக்கம். எழுதி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். மனசுக்குள் வாசிப்பது எப்போதும் குறைந்த நேரத்தில் முடிந்துவிடும், அதை நம்ப வேண்டாம். முடிவில் ஒரு கேள்வி இருக்கட்டும், ஆனால் அதற்கு அங்கேயே பதில் சொல்லச் சொல்லாதீர்கள். பதில் கேட்டால் எப்போதும் பேசுகிற மூன்று பேர் பேசுவார்கள், மற்றவர்கள் தரையைப் பார்ப்பார்கள்.

22-ஆம் தேதியின் முதல் வாசகத்தில் அன்னா வருவார். சாமுவேலைக் கோவிலில் ஒப்படைக்கிற தாய். அவரும் பிள்ளைக்காக அழுதவர்தான். 19-இல் சொன்ன எச்சரிக்கை அன்றும் பொருந்தும்.

எங்கே சறுக்கும், எப்படித் தெரிந்துகொள்வது

முதல் வாரம் நன்றாகப் போய், இரண்டாம் வாரத்தில் பேசுகிறவர்கள் ஒரே மாதிரி பேச ஆரம்பிப்பார்கள். அடையாளம் என்னவென்றால், எந்த வாசகமாக இருந்தாலும் செல்ஃபோன், டிவி, இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று போய் நிற்கும். அன்றைய வாசகத்தில் இருக்கிற ஒரு சொல்லாவது பேச்சில் வந்ததா என்று கவனியுங்கள். வரவில்லையென்றால் பேசியவர் தயாரிக்கவில்லை. அவரை எல்லார் முன்னாலும் திருத்தாமல், அடுத்த முறை அவருக்கு இரண்டு நாள் முன்பே பகுதியைக் கொடுத்து, "எந்த வரி எடுக்கப் போறீங்க அண்ணே?" என்று மட்டும் கேளுங்கள். அந்தக் கேள்வியே வேலை செய்யும்.

இன்னொரு சிக்கல் கேரல் பவனி. டிசம்பர் நடுவில் இளைஞர்கள் தாளத்தோடு வீடு வீடாகக் கிளம்பிவிடுவார்கள். அவர்களோடு மோதாதீர்கள். பவனி உங்கள் தெருவுக்கு வருகிற நாளைக் கேட்டு, அன்று கூட்டத்தை ஆறரை மணிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இளைஞர்களில் ஒருவரையே அன்று வாசிக்கச் சொன்னால் இன்னும் நல்லது.

டிசம்பர் 24

அன்று மாலை யாருக்கும் நேரம் இருக்காது. குடில் வேலை, புதுத்துணி, நள்ளிரவுத் திருப்பலிக்குப் பாடகர் குழுவின் கடைசிப் பயிற்சி. அதனால் நாங்கள் 24-ஆம் தேதியை விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கெபியில் வைக்கிறோம். நற்செய்தி லூக்கா 1:67 முதல் 79 வரை, பேச்சிழந்த செக்கரியா வாய் திறந்து பாடுகிற பாடல். அதன் கடைசி வரிகளில், இருளில் இருப்போருக்கு ஒளிதர விண்ணிலிருந்து வரும் விடியலைப் பற்றி அவர் பாடுகிறார். கிழக்கு வெளுக்கிற நேரத்தில் அதைக் கேட்பதற்காகத்தான் இந்த ஐந்தரை மணி.

19-ஆம் தேதி நற்செய்தி வாசித்தவரையே இதையும் வாசிக்கச் சொல்லுங்கள். அன்று சிந்தனை எதுவும் வேண்டாம். வாசித்து முடித்ததும் நாங்கள் மெழுகுவர்த்தியை அணைக்காமல் கெபியில் வைத்துவிட்டு, அவரவர் வீட்டுக்கு வேலையைப் பார்க்கக் கிளம்பிவிடுவோம்.